தாத்தா பஸ்ஸைவிடப் பெரியவர்

இரண்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி தன் தாத்தாவுக்குப் பிறந்தநாள் அட்டை செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா அரசுப் பேருந்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏ4 தாளை இரண்டாக மடித்து, முகப்பில் ஒரு பஸ் வரைந்திருக்கிறாள். பக்கத்தில் பஸ்ஸின் கூரையைத் தாண்டி நிற்கிறார் தாத்தா. அவருடைய வலது கையில் ஆறு விரல். மேலே ‘பிரந்தநாள் வாள்த்துகள்’ என்று பெரிதாகத் தொடங்கிய வரி வலது ஓரம் நெருங்க நெருங்கச் சுருங்கி, கடைசி ‘கள்’ இடமில்லாமல் கீழே இறங்கித் தாத்தாவின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. உள்பக்கத்தில், ‘நீங்க நல்ல தாத்தா. நன்றி.’ எல்லாம் பென்சிலில். இன்னும் வண்ணம் அடிக்கவில்லை.

அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, “அம்மா, நல்லாருக்கா?” என்கிறாள்.

இதற்கு நம் வீடுகளில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும. ஒன்று, “அய்யோ என் தங்கம், சூப்பர்! நீ பெரிய ஆர்ட்டிஸ்ட்டுடா!” மற்றொன்று, “என்னடி இது, ‘பிறந்த’வுக்கு எந்த ‘ற’ன்னுகூடத் தெரியாதா? குடு இங்க, நான் எழுதித் தர்றேன்.” இரண்டாவது பதில் பிள்ளையின் முகத்தை என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் பதிலும் அவ்வளவு பாதுகாப்பானதில்லை என்பதுதான் பலருக்குத் தெரியாது.

கரோல் டுவெக், கிளாடியா மியூலர் என்ற இரு உளவியலாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் மிகவும் பேசப்பட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்தார்கள். முடித்ததும் ஒரு பகுதியினரிடம் ‘நீ புத்திசாலி’ என்றும், இன்னொரு பகுதியினரிடம் ‘நீ நன்றாக முயன்றிருக்கிறாய்’ என்றும் சொன்னார்கள். அடுத்துக் கடினமான புதிர்கள் வந்தன. புத்திசாலி என்று பெயர் வாங்கிய பிள்ளைகள்தான் சீக்கிரம் சோர்ந்தார்கள். பிறகு வேறு பள்ளிப் பிள்ளை ஒருவருக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதி அனுப்பச் சொன்னபோது, அவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் கூட்டி எழுதினார்கள். வாங்கிய பட்டத்தைக் காப்பாற்றியாக வேண்டுமே!

2014-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த எடி புரூமல்மன் குழுவினர் நடத்திய ஆய்வு நம் அட்டைக்கு இன்னும் நெருக்கமானது. 8 முதல் 12 வயதுப் பிள்ளைகள் வான்கோவின் ஓவியம் ஒன்றைப் பார்த்து வரைந்தார்கள். சிலருக்கு ‘அழகாக வரைந்திருக்கிறாய்’ என்று குறிப்பு வந்தது. சிலருக்கு ‘நம்பவே முடியாத அளவுக்கு அழகு’ என்று வந்தது. பிறகு, அடுத்து எளிய படம் வரைகிறாயா, கடினமான படமா என்று கேட்டார்கள். தன்மேல் ஏற்கெனவே நம்பிக்கை குறைவாக உள்ள பிள்ளைகள், அந்த ஊதிப் பெருக்கிய பாராட்டுக்குப் பிறகு எளியதைத்தான் தேடினார்கள். தன்னம்பிக்கை மிகுந்தவர்கள் நேர்மாறாகக் கடினமானதைக் கேட்டார்கள். ஆக, எந்தப் பிள்ளைக்குத் தெம்பு வரட்டும் என்று நாம் கூடுதலாக இரண்டு ‘சூப்பர்’ சேர்க்கிறோமோ, அந்தப் பிள்ளைதான் அடுத்த முறை தாளைத் தொடத் தயங்குகிறது.

சரி, அம்மா என்னதான் சொல்வது? முதலில் ஒரு கேள்வி. “முடிச்சிட்டியா, இல்ல இன்னும் வேலை இருக்கா?” இந்தக் கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்தே மற்றதெல்லாம். ‘முடிச்சிட்டேன்’ என்றால், அதிலும் வண்ணமடித்து ஜிகினாவும் ஒட்டியாகிவிட்டது என்றால், திருத்தம் சொல்லும் நேரம் போய்விட்டது. ‘ர’ தப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அது தாத்தாவுக்குப் போய்ச் சேரவேண்டிய பொருளாகிவிட்டது; இனி அதில் கை வைத்தால் கற்பது ஒன்றும் இருக்காது, மனக்குறைதான் மிஞ்சும். ‘இன்னும் கலர் அடிக்கணும்’ என்றால் பேச இடம் இருக்கிறது. அட்டையைப் பென்சிலில் தொடங்கச் சொல்வதன் முழுப் பயனும் இங்கேதான். ஸ்கெட்ச் பேனாவில் தொடங்கிய அட்டையில் எதைச் சொன்னாலும் குற்றம் சொல்வதாகிவிடும்.

நம் சிறுமி இன்னும் வண்ணம் அடிக்கவில்லை. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கி, வாயைத் திறக்காமல் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். பிறகு கண்ணில் பட்டதை, நல்லது கெட்டது என்ற தீர்ப்பு சேர்க்காமல் சொல்ல வேண்டும். “பஸ்ல ஏழு ஜன்னல் இருக்கு. டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி கம்பிகூட வரைஞ்சிருக்க.” ஏழு ஜன்னல் என்று எண்ணிச் சொன்னாலே, உண்மையாகவே பார்த்திருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. ‘அழகா இருக்கு’ என்பதைப் பார்க்காமலேகூடச் சொல்லிவிடலாம். பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அடுத்ததாக, “இந்தக் கையைப் பத்திச் சொல்லு.”

“அது தாத்தா கை. அவரு பஸ் சாவி வச்சிருக்காரு.”

ஆறாவது விரல் விரலே இல்லை. சாவி! ‘கைக்கு அஞ்சு விரல்தானே பாப்பா’ என்று அம்மா அவசரப்பட்டிருந்தால், இருக்கிற படத்திலேயே சிறந்த ஒன்று அழிரப்பருக்குப் பலியாகியிருக்கும். பிள்ளை படத்தில் பிழை மாதிரித் தெரிவதைப் பற்றிக் கேட்காமல் பேசக்கூடாது. கேட்டபின் திருத்தமும் எளிதாகிவிடுகிறது. “ஓ, சாவியா! எனக்கு விரல் மாதிரித் தெரிஞ்சுது. தாத்தாவுக்குச் சாவின்னு எப்படித் தெரியும்?” என்றால், வளையம் ஒன்று போடலாம், பல் வெட்டலாம் என்று அவளே யோசிப்பாள். ‘இது தப்பு’ என்பது பிள்ளையைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது. ‘எனக்கு இப்படித் தெரிந்தது’ என்பது படம் பார்ப்பவரைப் பற்றிய பேச்சு. அட்டை என்பதே இன்னொருவர் பார்ப்பதற்குச் செய்வது என்பதால், இந்த வழி இங்கே இயல்பாகப் பொருந்துகிறது.

தாத்தா பஸ்ஸைவிடப் பெரியவராக இருப்பதைத் தொடவே வேண்டாம். விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-ல் வெளியிட்ட நூலில் பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்துக் காட்டினார். ஏழு, எட்டு வயதில் பிள்ளைகள் தரைக்கு ஒரு கோடு போட்டு எல்லாவற்றையும் அதன்மேல் நிறுத்துவார்கள். முக்கியமானதைப் பெரிதாக வரைவார்கள். அளவு தெரியாமல் செய்வதல்ல அது. நம் கோயில் சுவர் ஓவியங்களிலும் அரசர் பெரிதாகவும் பரிவாரம் சிறிதாகவும் நிற்பதைப் பார்த்திருக்கிறோம். யாருக்குப் பிறந்தநாளோ அவர்தானே பெரியவர்? பஸ்ஸுக்கா பிறந்தநாள்?

இப்போது உள்பக்கம். ‘நீங்க நல்ல தாத்தா. நன்றி.’ முகப்பில் இத்தனை பிழைகள் இருக்க, நான் முதலில் பேசச் சொல்வது இந்தப் பிழையில்லாத வரியைப் பற்றித்தான். எந்தத் தாத்தாவுக்கும் எந்தப் பேத்தியும் எழுதக்கூடிய வரி இது. கடையில் விற்கும் அட்டையில் அச்சடித்தே வரும். இதைக் குறை சொல்லாமல் வளர்க்க ஒரு கேள்வி போதும்.

“தாத்தா உனக்காகச் செய்றதுல உனக்கு ரொம்பப் பிடிச்சது எது?”

“ம்ம்... பென்சில் சீவித் தருவாரு. பிளேடால. ஷார்ப்னர்ல சீவுனா முனை உடைஞ்சிரும். தாத்தா சீவுனா உடையாது.”

“அது தாத்தாவுக்குத் தெரியுமா, உனக்குப் பிடிக்கும்னு?”

“தெரியாது.”

அம்மா இங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘அதையே எழுது’ என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் பிள்ளை தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடும். சற்று நேரத்தில் ‘நீங்க பென்சில் சீவுனா உடயாது தாத்தா’ என்று ஒரு வரி வந்திருக்கும். ‘உடையாது’ என்பதில் ‘டை’ விடுபட்டிருக்கிறது. விட்டுவிடலாம். காரணம் பின்னால் சொல்கிறேன்.

ஒரே கேள்வி போதாதா, மற்றதையும் கையோடு சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றும். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் பாய்சி நகரில், முதல் வகுப்பு மாணவன் ஆஸ்டின் வரைந்த வண்ணத்துப்பூச்சியின் கதையை ரான் பெர்கர் என்ற கல்வியாளர் பல பள்ளிகளில் சொல்லிவருகிறார். புகைப்படத்தைப் பார்த்து அந்தச் சிறுவன் முதலில் வரைந்தது எல்லாப் பிள்ளைகளும் வரைகிற பொதுவான வண்ணத்துப்பூச்சி. வகுப்புத் தோழர்கள் சொன்ன யோசனைகளைக் கேட்டு மீண்டும் மீண்டும் வரைந்தான். ஆறாவது வரைவு அறிவியல் புத்தகத்துப் படம்போல் வந்தது. பார்க்கிறவர்கள் கடைசிப் படத்தைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடுகிறார்கள். கவனிக்க வேண்டியது வேறு. தோழர்கள் முதலில் இறக்கையின் வடிவத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள். வடிவம் சரியான பிறகுதான் இறக்கைக்குள் இருக்கும் கோலத்துக்குப் போனார்கள். அன்பாகச் சொல், குறிப்பாகச் சொல், உதவும்படிச் சொல் என்பது பெர்கர் வைத்திருக்கும் விதி.

ஆனால் ஆஸ்டினைக் காட்டி நம் பிள்ளையை ஆறு தடவை வரையச் சொல்லிவிடக் கூடாது. அங்கே எதிரில் ஒரு புகைப்படம் இருந்தது, அதற்குச் சரியாக வரவேண்டும் என்பதே வேலை. பிறந்தநாள் அட்டைக்கு அப்படி ஒரு மூலம் கிடையாது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அட்டையில் ஒரு மறுமுறை தாங்கும். இரண்டு என்றால் அலுப்பு. மூன்றாவதில் தாத்தாமேலேயே கோபம் வந்துவிடும்.

அந்த ஒரு மறுமுறையை எதற்குச் செலவழிப்பது? இடமில்லாமல் நசுங்கிய முகப்பு வரிக்கு. பிள்ளைக்கே அது உறுத்திக்கொண்டிருக்கும். “இந்தப் பக்கத்துல உனக்கு எது சரியா வரலைன்னு தோணுது?” என்று கேட்டால் பெரும்பாலும் அதைத்தான் காட்டும். தானே காட்டிய குறையைத் திருத்துவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

இது கவனக்குறைவால் வருவதல்ல. பெரியவர்கள் ஒரு வரியைத் தொடங்குமுன் அது எங்கே முடியும் என்று கண்ணாலேயே அளந்துவிடுகிறோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு எழுத்தை உருவாக்குவதிலேயே கவனம் முழுவதும் போய்விடுகிறது. முடிவிடத்தைப் பார்க்கக் கவனம் மிச்சமில்லை. ஆகவே ‘பாத்து எழுதக்கூடாதா’ என்று சொல்லிப் பயனில்லை, அளக்கும் வழியைக் கற்றுத்தர வேண்டும். மடித்த ஏ4 தாளின் முகப்பு 14.8 செ.மீ. அகலம். ‘பிறந்தநாள்’ ஆறு எழுத்து, ‘வாழ்த்துகள்’ ஆறு எழுத்து. பிள்ளையை விரல் விட்டு எண்ணச் சொன்னால், இரண்டும் ஒரே எண்ணிக்கையில் வருவதைப் பார்த்து மகிழ்ந்துபோகும். ஒரே வரியில் பன்னிரண்டு எழுத்தைத் திணிக்காமல் இரண்டு வரியாக்கி, எழுத்துக்கு 2 செ.மீ. என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டால் 12 செ.மீ. ‘நா’வும் ‘வா’வும் கால் நீட்டிக்கொண்டு உட்காருபவை என்பதால் அந்தக் கட்டத்துக்கு மட்டும் அரை செ.மீ. கூட. இரு பக்கமும் ஒரு செ.மீ.க்குக் கொஞ்சம் மேலேயே மிஞ்சும். மங்கலாகப் போட்ட கட்டத்தை வண்ணம் அடித்தபின் அழித்துவிடலாம்.

இந்த வரியைத் திரும்ப எழுதும்போது எழுத்துப் பிழையும் தனிப் பேச்சில்லாமல் சரியாகிவிடும். அம்மா வேறொரு துண்டுத்தாளில் ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று தெளிவாக எழுதி அட்டைக்குப் பக்கத்தில் வைக்கட்டும். “நீ எழுதுனதுக்கும் இதுக்கும் ரெண்டு எடத்துல வித்தியாசம் இருக்கு, கண்டுபிடி பாப்போம்.” பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. கண்டுபிடித்ததும் ஒரு உண்மையையும் சொல்லலாம்: “நீ காதுல கேட்ட மாதிரியே எழுதியிருக்க.” ‘ர’வுக்கும் ‘ற’வுக்கும் பேச்சில் வேறுபாடு காட்டுகிறவர்கள் எத்தனை பேர்? ‘ழ’வை ‘ள’வாக உச்சரிக்கும் வீட்டில் பிள்ளை ‘வாள்த்துகள்’ என்று எழுதினால், கேட்டதை நேர்மையாகப் பதிந்திருக்கிறது என்றுதான் பொருள். தவிர, ‘வாழ்த்துகள்’ என்பதில் ‘க்’ வருமா வராதா என்று பெரியவர்கள் இன்னும் சண்டை போட்டு முடிக்கவில்லை.

உள்ளே இருக்கும் ‘உடயாது’வை விடச் சொன்னதற்குக் காரணம் இதுதான். முகப்பில் உள்ள இரண்டு சொற்கள் எல்லோருக்கும் பொதுவானவை, மாதிரியைப் பார்த்து எழுதுவதில் பிள்ளைக்கு இழப்பில்லை. உள்ளே இருக்கும் வரியோ அவளே யோசித்து எழுதியது. அதில் சிவப்புக் கோடு போட்டால், அடுத்த முறை தனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து எழுதுவாள். மறுபடியும் ‘நீங்க நல்ல தாத்தா’தான் வரும். அவளாகவே, “அம்மா, உடையாதுக்கு எப்படி எழுதணும்?” என்று கேட்டால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது திருத்துவதாகாது.

ஒரு விதியில் மட்டும் நான் பிடிவாதக்காரன். பெரியவரின் பென்சில் பிள்ளையின் தாளில் படக்கூடாது. காட்டித்தர வேண்டியிருந்தால் வேறு தாளில் காட்டுங்கள். ‘இந்தக் கோட்டை மட்டும் நேராக்கித் தர்றேன்’ என்று தொடங்குவது எங்கே போய் முடியும் என்று பெற்றோருக்குத் தெரியும். கடைசியில் தாத்தா அட்டையைப் பார்த்து, “உங்கம்மா நல்லா வரைஞ்சிருக்காளே” என்பார். அதற்குப் பிள்ளை என்ன பதில் சொல்லும்?

சில அடையாளங்கள் தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்த வேண்டும். கையால் தாளை மறைப்பது, தாளில் நார் எழும்பும் அளவுக்கு ஒரே இடத்தை அழிப்பது, ‘எனக்கு வரையத் தெரியாது, நீயே வரைஞ்சு குடு’ என்பது. ஒவ்வொரு கோட்டுக்கும் ‘நல்லாருக்கா, நல்லாருக்கா’ என்று நிமிர்ந்து பார்ப்பதும் இந்த வகைதான். வரைவதைவிட மதிப்பெண் வாங்குவது பெரிதாகிவிட்டது. அப்போது “உனக்கு எது பிடிச்சிருக்கு?” என்று கேள்வியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விடலாம். தாள் கிழிந்துவிட்டாலோ வண்ணம் வழிந்துவிட்டாலோ அதே நிறத்தாளில் ஒரு துண்டு வெட்டி, பஸ்ஸுக்குச் சக்கரமாகவோ வானத்துக்கு மேகமாகவோ அதன்மேல் ஒட்டச் சொல்லுங்கள். முழுவதையும் முதலிலிருந்து செய்வதைவிடப் பிள்ளைகளுக்கு இந்த ஒட்டு வேலை பிடிக்கும்.

அம்மா இவ்வளவு பக்குவமாகப் பேசிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து அண்ணன், “இது யாரு, தாத்தாவா பூதமா?” என்பான். அவனைத் திட்டினால் படம் பூதம் என்பது ஊர்ஜிதமாகிவிடும். “உனக்கு எதப் பாத்து அப்படித் தோணுது?” என்று கேட்டால், “கண்ணு ரொம்பப் பெருசா இருக்கு” என்று குறிப்பாகச் சொல்லியாக வேண்டிய நிலைக்கு அவன் வந்துவிடுவான். “அது கண்ணு இல்லடா, கண்ணாடி” என்று தங்கை பதில் சொல்லிக்கொள்வாள். பென்சில் வரைவைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தையும் இந்த ஒரு நாளாவது தள்ளிவைக்கலாம். சித்தி, பெரியப்பா, மாமா எல்லோருடைய கருத்தும் ஒரே நேரத்தில் வந்து இறங்கினால் எந்தக் கலைஞரும் தாங்கமாட்டார். தாத்தாவும் முன்கூட்டியே பார்த்துவிடுவார்.

வயதைப் பொறுத்து இதெல்லாம் மாறும். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைக்குத் திருத்தம் எதுவும் தேவையில்லை. படத்தைப் பற்றி அது சொல்வதைக் கேட்டு, அதே சொற்களில் அடியில் எழுதிக்கொடுத்தால் போதும். ஒன்பது, பத்து வயதில் நிலைமை தலைகீழ். நிஜம்போல் வரவில்லை என்று பிள்ளையே தன்னைத் திட்டிக்கொள்ளும். அந்த வயதில் மென்மையான சொற்கள் பெரிதாக உதவுவதில்லை. பஸ்ஸின் பக்கவாட்டை எப்படிச் சாய்த்து வரைவது, கையை முதலில் பெட்டியாக வரைந்து பிறகு விரல் பிரிப்பது எப்படி என்று நேரடியாகக் கற்றுக்கொடுப்பதே அதற்கு வேண்டிய ஆறுதல்.

அட்டையைப் பெறுகிறவரிடமும் முன்னதாக ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது, அதிலும் அவர் முன்னாள் தமிழாசிரியராக இருந்துவிட்டால்! நம் தாத்தா ஓட்டுநர்தான் என்றாலும், “உடையாதுக்கு ‘டை’ போடணும்ல கண்ணு” என்று அவரும் பாசத்தோடு தொடங்கிவிடக்கூடும். உள்ளே இருக்கும் வரியைச் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஒருவேளை மறுநாள் காலையில் பேத்தியின் டப்பாவில் உள்ள பென்சில்களை எல்லாம் அவர் சீவிவைத்தால், அதைவிடத் தெளிவான கருத்துரை அந்த அட்டைக்குக் கிடைக்கப்போவதில்லை.